ரெண்டு இலக்கம் இடம் மாறின ஆர்டிஜிஎஸ் ஃபார்மும் ஒரு சிறுகதையும்

கேள்வி: பேங்க்ல புதுசா சேர்ந்த ஒரு க்ளார்க், பெரிய தொகைய ஒரு பேங்க்ல இருந்து இன்னொரு பேங்க்குக்கு அனுப்பற ஆர்டிஜிஎஸ் ஃபார்ம்ல ரெண்டு நம்பர் இடம் மாறி இருக்கறத கவனிக்கிற மாதிரி ஒரு சிறுகதை எழுதிட்டு இருக்கேன். நிஜமா கவுன்ட்டருக்கு உள்ள இது எப்படி நடக்கும்? பேங்க்ல வேலை பாத்தவங்க யாராவது சொல்லுங்களேன்.

பதில்:

முதல்ல ஒண்ணு கேக்கறேன், உங்க கதைல இடம் மாறினது தொகையா, அக்கவுன்ட் நம்பரா? தொகைன்னு வெச்சிருந்தா தயவுசெஞ்சு மாத்திடுங்க, அதுல கதையே இல்ல.

ஏன்னா தொகைய பேங்க்ல யாரும் ஒரு தடவை மட்டும் எழுத மாட்டாங்க. ஃபார்ம்ல எண்ணால ஒரு தடவை, எழுத்தால ஒரு தடவை, கூடவே குடுக்கற செக்லயும் எண், எழுத்து ரெண்டும், ஆக நாலு இடம். 18,45,000ங்கறத ஒரு இடத்துல 18,54,000னு எழுதிட்டா மீதி மூணு இடமும் காட்டிக் குடுத்துரும். செக்ல எண்ணும் எழுத்தும் ஒத்துவரலன்னா எழுத்துல இருக்கறதுதான் தொகைன்னு மாற்றுமுறை ஆவணச் சட்டத்துல 18வது பிரிவே இருக்கு, ஆனா கவுன்ட்டர்ல எவனும் சட்டம் பேசிட்டு இருக்க மாட்டான், வேற செக் எழுதிட்டு வாங்கன்னு திருப்பித் தள்ளிருவான். வேலைக்குச் சேந்த முதல் வாரத்துல பழகற வேலை இது. இதைக் கண்டுபிடிச்சதுக்காக ஒரு க்ளார்க்க கதாநாயகனா ஆக்கினா, பேங்க்ல இருந்தவங்க படிச்சா சிரிப்பாங்க.

இன்னொண்ணு, கதை எழுதறவங்க எல்லாம் அந்த ஒன்பது கணக்க எங்கயாவது நுழைச்சிடறீங்க. பக்கத்து பக்கத்து இலக்கம் இடம் மாறினா வித்தியாசம் 9ஆல மீதி இல்லாம வகுபடும், அது உண்மைதான், சாயங்காலம் கணக்கு டேலி ஆகாம 270 ரூபா இடிச்சா நாங்க முதல்ல தேடறதே எந்த வவுச்சர்ல நம்பர் திரும்பியிருக்குன்னுதான். ஆனா அதுக்கு ரெண்டு தொகை வேணும், ஒண்ணுல இருந்து இன்னொண்ண கழிக்கணும். ஃபார்ம்ல இருக்கற அக்கவுன்ட் நம்பர் ஒத்தையா நிக்குது, எதுல இருந்து எத கழிப்பீங்க?

பணம் போய்ச் சேர வேண்டிய அக்கவுன்ட் நம்பர்ல தப்பு வந்தா ஏன் இவ்ளோ வசதியா ஒளிஞ்சுக்குதுன்னா, அத எழுத்தால எழுதற வழக்கம் எங்கயுமே கிடையாது. செக்ல அது வராது, செக்ல யுவர்செல்ஃப் ஃபார் ஆர்டிஜிஎஸ்னு மட்டும்தான் எழுதுவாங்க. நிறைய ஃபார்ம்ல அக்கவுன்ட் நம்பர ரெண்டு தடவை எழுதச் சொல்லி கட்டம் போட்டிருப்பாங்க, ரெண்டாவது கட்டத்த மனுசன் எதப் பாத்து நிரப்புவான்? மேல அவனே எழுதின மொத கட்டத்தப் பாத்துதான். அப்ப தப்பும் அச்சு பிசகாம கீழ இறங்கிரும். கம்ப்யூட்டர்லயும் அதே கததான், டைப் பண்றவங்க ரெண்டு தடவை அடிக்கணும், ரெண்டு தடவையும் அதே ஃபார்மப் பாத்துதான் அடிப்பாங்க.

சரி, ரெண்டாவது ஆள் ஒருத்தர் செக் பண்ணுவாரே, மேக்கர் செக்கர்னு ஒரு முறை இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. க்ளார்க் என்ட்ரி போடுவார், ஆபீசர் தன்னோட ஐடில அதத் திறந்து ஃபார்மையும் ஸ்க்ரீனையும் ஒப்பிட்டுப் பாத்து ஆத்தரைஸ் பண்ணுவார். இங்கதான் கவனிக்கணும், அவர் ஒப்பிடறது ஃபார்ம்ல உள்ளதும் ஸ்க்ரீன்ல உள்ளதும் ஒண்ணான்னுதான். க்ளார்க் தப்பா அடிச்சிருந்தா மாட்டும், கஸ்டமரே தப்பா எழுதியிருந்தா ஃபார்மும் ஸ்க்ரீனும் அழகா ஒத்துப் போகும். பேர் சரியாதான இருக்கும்னா, பேர வெச்சு பணம் போகாது. மின்னணு பணப் பரிமாற்றத்துல அக்கவுன்ட் நம்பர மட்டும் வெச்சு வரவு வெக்கலாம், பேர் ஒத்துப்போகணும்னு அவசியமில்லைன்னு ரிசர்வ் பேங்க் 2010 அக்டோபர்லயே சுற்றறிக்கை விட்டாச்சு. ஃபார்ம்ல அத எச்சரிக்கையா போடவும் சொல்லியிருக்கு, சின்ன எழுத்துல இருக்கும், அதப் படிச்ச கஸ்டமர நான் பாத்ததில்ல.

அதனால உங்க க்ளார்க் அந்தத் தப்பக் கவனிக்கணும்னா, ஃபார்ம எவ்ளோ உத்துப் பாத்தாலும் வேலைக்கு ஆகாது, ஃபார்முக்கு வெளிய இருந்து ஏதாவது ஒண்ணு அவங்ககிட்ட இருக்கணும். அது என்னவா இருக்கும்னு சொல்ல, என் கண்ணு முன்னாடி நடந்ததையே சொல்லிடறேன், கதைக்கு எடுத்துக்கோங்க. நம்பரையும் தொகையையும் மாத்திதான் சொல்றேன்.

2018, திருப்பூர் பக்கம் ஒரு பிராஞ்ச், நான் அங்க ஆபீசர், அதாவது செக்கர். கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு, வேலைக்குச் சேந்து அஞ்சு மாசம், ஆறு மாசம் ப்ரொபேஷன் கூட முடியல. வருஷத்தச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, அப்ப கஸ்டமர் பணத்துக்கு ஆர்டிஜிஎஸ் சாயங்காலம் 4.30 வரைக்கும்தான். 2019 ஜூன்ல அத 6 மணி ஆக்கினாங்க, 2020 டிசம்பர்ல இருந்து 24 மணி நேரமும் ஓடுது. இன்னைக்கு நடக்கற கதைல கடிகாரத்தக் காட்டி ராத்திரிக்குள்ள போகாதுன்னு பதட்டம் ஏத்த முடியாது, 2018ல ஏத்தலாம்.

மணி 3.50 இருக்கும். ஒரு பனியன் கம்பெனில இருந்து பையன் வந்தான். நூல் வாங்கற மில்லுக்கு வாராவாரம் பணம் அனுப்பற பார்ட்டி அது, காசு மில் அக்கவுன்ட்ல ஏறினாதான் லாரி கிளம்பும், நூல் வரலன்னா நிட்டிங் மெஷின்ல ஓட்டம் நின்னுரும், அதனால அந்த ஃபார்ம் எப்பவுமே ஓட்டமும் நடையுமாத்தான் வரும். வழக்கமா ஓனரோ கணக்குப்புள்ளையோ எழுதுவாங்க, மில் விவரம் நிரப்பின ஒரு ஃபார்ம ஜெராக்ஸ் போட்டு வெச்சிருந்தாங்க, தொகையும் தேதியும் மட்டும் எழுதினா போதும். அன்னிக்கு ஜெராக்ஸ் தீந்துபோச்சாம், ஓனர் செக்லயும் வெறும் ஃபார்ம்லயும் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வெளிய கிளம்பிட்டார், பையன் வாட்ஸப்ல வந்த நம்பரப் பாத்துப் பாத்து நம்ம பிராஞ்ச் மேசைல நின்னுதான் எழுதினான்.

தொகை 18,45,000. பொண்ணு செக்க வாங்கி கையெழுத்து பாத்துச்சு, பேலன்ஸ் பாத்துச்சு, எல்லாம் சரி. நம்பர் அடிக்க ஆரம்பிச்சு கடைசி ஆறு இலக்கத்துல வந்து கை நின்னுபோச்சு. அஞ்சு மாசத்துல அதே மில்லுக்கு அவ பதினஞ்சு இருபது தடவை அடிச்சிருப்பா, நம்பர மனப்பாடம் பண்ணல, ஆனா வாய்க்குள்ள ரெண்டு ரெண்டா சொல்லிக்கிட்டே அடிக்கற பழக்கம், நாப்பத்தேழு, பூஜ்யம் மூணு, அறுபத்தெட்டு. அன்னிக்கு ஃபார்ம்ல நாப்பத்தேழு, பூஜ்யம் ஆறு, முப்பத்தெட்டுன்னு இருந்துச்சு. 470368 இருக்க வேண்டிய இடத்துல 470638. பாருங்க, கண்ணால பாத்தா அதே ஆறு இலக்கம், ஒண்ணும் கூடல, ஒண்ணும் குறையல, ஆனா வாயில சொன்னா பாட்டு மாறிருச்சு. கட்டம் கட்டமா இருக்கற ஃபார்ம்ல ஒவ்வொரு இலக்கமா எழுதறப்ப அந்த ராகம் இருக்காது, அதனாலதான் பையனுக்குத் தெரியல.

கதைல இந்த இடத்த விட்டுடாதீங்க. அவ கெட்டிக்காரின்னோ கழுகுக் கண்ணுன்னோ எழுத வேண்டாம். அவளுக்குத் தெரிஞ்சது அவதான் வாராவாரம் அடிக்கறவங்கறதால. எனக்குத் தெரிஞ்சிருக்காது, சத்தியமா. நான் ஃபார்மையும் ஸ்க்ரீனையும் பாத்து ஓகே அடிச்சிருப்பேன்.

எழுந்து வந்து "சார், இந்த மில் நம்பர் இப்படி முடியாது சார்"னு மெதுவா சொன்னா. நான் அப்ப கைல நாலு ஃபார்ம் வெச்சிட்டு இருந்தேன், கொஞ்சம் எரிச்சலாத்தான் வந்துச்சு, புது அக்கவுன்ட் ஆரம்பிச்சிருப்பாங்கம்மான்னேன். அவ போகல, நின்னா. சரின்னு அந்த கஸ்டமரோட பழைய ஆர்டிஜிஎஸ் எல்லாம் சிஸ்டத்துல எடுத்துப் பாத்தேன், முந்தின மூணு வாரமும் 0368. எந்த பேங்க், எந்த பிராஞ்ச்னு காட்டற ஐஎஃப்எஸ்சி பதினொரு எழுத்தும் அப்படியே அதேதான்.

அந்த ஐஎஃப்எஸ்சி பாக்கறது முக்கியம், ஏன்னா அக்கவுன்ட் நம்பர் மாறியிருந்தா ரெண்டு சந்தேகம் வரணும். ஒண்ணு கை தவறுதல். இன்னொண்ணு மோசடி, அதாவது மில் அனுப்பற மாதிரி எங்க அக்கவுன்ட் மாறிடுச்சு, இனிமே இதுல போடுங்கன்னு எவனாவது மெயில் அனுப்பியிருப்பான். மோசடின்னா பெரும்பாலும் நம்பர் முழுசா வேறயா இருக்கும், பேங்க்கே வேறயா இருக்கும், ஐஎஃப்எஸ்சி மாறியிருக்கும். பிராஞ்ச் அதே, நம்பர்ல பக்கத்து பக்கத்து ரெண்டு இலக்கம் மட்டும் திரும்பியிருக்குன்னா அது திருடன் வேலை இல்ல, அவசரத்தோட வேலை. பொதுவா எது சரிபாக்கறதா இருந்தாலும் ஃபார்ம்ல எழுதியிருக்கற போன் நம்பருக்குக் கூப்பிட மாட்டோம், அக்கவுன்ட்ல பதிவாகியிருக்கற நம்பருக்குத்தான் கூப்பிடுவோம், ஃபார்ம எழுதினவனே திருடன்னா ஃபார்ம்ல இருக்கற நம்பரும் அவனோடதுதான இருக்கும்.

ஓனருக்குப் போட்டேன். அவர் அவிநாசி ரோட்ல எங்கயோ இருக்காரு. விஷயத்தச் சொன்னதும், "அட ஆமாங்க சார், அதே பழைய நம்பர்தானுங்க, நீங்களே திருத்திப் போட்டு விட்டுருங்க, காலைல வந்து கையெழுத்து போட்டுத் தர்றேனுங்க"ன்னாரு. மணி 4 தாண்டியாச்சு.

என்னக் கேட்டா உங்க கதையோட உயிர் இங்கதான் இருக்கு, கண்டுபிடிச்ச இடத்துல இல்ல. சரியான நம்பர் என்னன்னு பேங்க்ல இருக்கற மூணு பேருக்கும் தெரியும், கஸ்டமரே வாயால சொல்லிட்டாரு, பத்து வருஷப் பழக்கம், பேனாவ எடுத்து ரெண்டு கட்டத்துல திருத்தினா முடிஞ்சுது. ஆனா கஸ்டமர் கையெழுத்து போட்ட ஃபார்ம்ல பேங்க் ஆளு ஒரு புள்ளி வெக்கக் கூடாது. திருத்தற வரைக்கும் தப்பு அவரோடது, நாம திருத்தின நிமிஷத்துல இருந்து அது நம்மோடது. நாளைக்கு மில்லுக்கும் அவருக்கும் ஏதோ தகராறு வந்து, நான் அங்க அனுப்பச் சொல்லவே இல்ல, ஃபார்ம்ல யாரோ அடிச்சுத் திருத்தியிருக்காங்கன்னு அவர் சொன்னா, போன்ல பேசினதுக்கு எந்த சாட்சியும் கிடையாது. 18 லட்சத்துக்கு அந்தப் பொண்ணோட கையெழுத்தும் என் கையெழுத்தும்தான் நிக்கும். அவளுக்கு அப்ப வேலை நிரந்தரம் கூட ஆகல.

மேனேஜர் என்ன சொன்னாருன்னா, நல்ல பார்ட்டிப்பா, போட்டு விடு, பாத்துக்கலாம். பாத்துக்கலாம்ங்கற வார்த்தை பேங்க்ல எத்தன பேர் பென்ஷன தின்னிருக்குன்னு தனியாவே எழுதலாம். நான் அவள பாத்தேன், அவ ஃபார்ம எடுத்து என்ட்ரி ட்ரேல போடாம தன் டிராயர் மேல கவுத்து வெச்சா. அவ்ளோதான். வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்லல, ஃபார்ம கவுத்து வெச்சா. நான் ஓனர்கிட்ட, 4.20க்குள்ள வந்தீங்கன்னா இன்னைக்கே போயிரும், இல்லன்னா நாளைக்குக் காலைல முதல் ஆளா அனுப்பிடறோம்ங்கன்னு சொன்னேன். யாரோ பைக்குல பின்னாடி உக்காந்து 4.15க்கு வந்துட்டாரு. தப்பான நம்பர ஒரே கோடா அடிச்சு, மேல சரியா எழுதி, பக்கத்துல முழுக் கையெழுத்து, சுருக்குக் கையெழுத்து இல்ல. ரெண்டு கட்டத்துலயும். செக்ல கை வெக்க வேண்டியதில்ல, அதுல மில்லோட அக்கவுன்ட் நம்பரே இல்லையே. இதுவே செக்ல தொகை தப்பாகியிருந்தா திருத்தின செக்க நாங்க வாங்க மாட்டோம், புது செக்தான், அவர் செக்புக்க கைல வெச்சிருக்கலன்னா அன்னிக்கு கத முடிஞ்சுது. 4.22க்கு ஆத்தரைஸ் பண்ணேன், பணம் அனுப்பினதுக்கு அடையாளமா வர்ற யூடிஆர் நம்பர எழுதிக் குடுத்தோம், லாரி கிளம்பிச்சு.

பொண்ணுக்கு பாராட்டுக் கடிதம், மாலை எல்லாம் கதைல வேண்டாம். என்ட்ரி ஆத்தரைஸ் ஆகறதுக்கு முன்னாடி தடுத்த எதுக்கும் பேங்க்ல பதிவே கிடையாது. ரெஜிஸ்டர்ல ஏறினதுக்குத்தான் கணக்கு, ஏறாம நின்னதுக்கு எங்க எழுதறது? அந்த ஃபார்ம் மத்த வவுச்சரோட சேத்துத் தைச்சு ரெக்கார்ட் ரூமுக்குப் போயிருச்சு.

அடுத்து நீங்க கேக்கப் போறது, கவனிக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு. கதை எழுதறவங்க உடனே 18 லட்சம் யாரோ ஒருத்தன் அக்கவுன்ட்ல விழுந்து அவன் தலைமறைவாகற மாதிரி எழுதுவாங்க. நடக்கலாம், ஆனா அடிக்கடி நடக்கறது அது இல்ல. 470638ங்கற நம்பர்ல ஒரு உயிரோட இருக்கற அக்கவுன்ட் இருந்தாத்தான் பணம் அதுல விழும். சில பேங்க்ல கடைசி இலக்கம் மத்த இலக்கத்துல இருந்து கணக்குப் போட்டு வர்ற சரிபார்ப்பு இலக்கம், அங்க பக்கத்து இலக்கம் மாறினா பெரும்பாலும் அப்படி ஒரு அக்கவுன்ட்டே இருக்காது. இல்லாத அக்கவுன்ட்டுக்கு வந்த பணத்த வாங்கற பேங்க் ஒரு மணி நேரத்துக்குள்ள, இல்ல அன்னிக்கு ஆர்டிஜிஎஸ் நேரம் முடியறதுக்குள்ள, எது முந்தியோ அதுக்குள்ள திருப்பி அனுப்பணும்.

ஒருவேளை நிஜமாவே வேற ஆளோட அக்கவுன்ட்ல விழுந்துட்டா அப்பதான் தலைவலி. ஆர்டிஜிஎஸ் ஒருமுறை செட்டில் ஆனா அது இறுதியானது, ரத்து பண்ண பட்டன் எல்லாம் கிடையாது. நம்ம பேங்க் அந்த பேங்க்குக்கு கடிதம் எழுதும், தப்பா வந்திருக்கு, திருப்பிக் குடுங்கன்னு. அந்த பேங்க் தன் கஸ்டமர் சம்மதம் இல்லாம கைய வெக்கத் தயங்கும். அவன் குடுக்க மாட்டேன்னா கோர்ட்டுதான், தப்பா வந்த பணத்தத் திருப்பித் தரணும்னு ஒப்பந்தச் சட்டம் 72வது பிரிவுல தெளிவா இருக்கு, ஆனா தெளிவா இருக்கறதும் சீக்கிரம் கிடைக்கறதும் ஒண்ணு இல்லையே. நம்பர் தப்பா குடுத்தது கஸ்டமர்ங்கறதால பேங்க் மேல பழி போட முடியாது.

கதைய இன்னைக்கு நடக்கற மாதிரி வெச்சா இன்னொரு சிக்கல் இருக்கு. 2025 ஏப்ரல்ல இருந்து ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் ரெண்டுக்கும் பணம் அனுப்பறதுக்கு முன்னாடியே அக்கவுன்ட் நம்பரும் ஐஎஃப்எஸ்சியும் போட்டா அது யார் பேர்ல இருக்குன்னு காட்டற வசதிய பேங்க்கெல்லாம் தரணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு, பிராஞ்ச்சுக்கு நேர்ல வர்றவங்களுக்கும்தான். 470638னு அடிச்சா மில் பேர் வராது, வேற பேர் வரும், இல்ல ஒண்ணுமே வராது. அப்ப கண்டுபிடிச்சது ஸ்க்ரீன்தான், பொண்ணு இல்ல. அதனால 2018லயே வெச்சுக்கோங்க, கடிகாரமும் கிடைக்கும், ராகமும் கிடைக்கும்.

கடைசியா, உங்களுக்கு முடிவு ஒண்ணு வேணும்னா, எங்க பிராஞ்ச்ல நடந்தத சொல்றேன், இத நான் கற்பனை பண்ணியிருந்தா கூட இவ்ளோ பொருத்தமா வந்திருக்காது. அடுத்த வாரம் அந்தப் பொண்ணு லீவு, கவுன்ட்டர்ல வேற ஒருத்தர். அதே கம்பெனி, அதே பையன், அதே மில், மூணரை மணிக்கு ஃபார்ம் வந்துச்சு. நான்தான் செக்கர். ஃபார்மையும் ஸ்க்ரீனையும் பாத்தேன், ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு, அடிச்சு விட்டேன். 4.30க்கு கொஞ்சம் முன்னாடி பணம் திரும்பி வந்து நின்னுச்சு, அப்படி ஒரு அக்கவுன்ட் இல்லன்னு. திரும்ப எழுதி வாங்கி அனுப்பறதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு, லாரி மறுநாள்தான் வந்துச்சு. ஃபார்ம எடுத்துப் பாத்தா 470638. ஏண்டா தம்பி, போன வாரம்தான திருத்தினோம்னு கேட்டேன். பையன் சட்டைப் பையில இருந்து போன வாரத்து கவுன்டர்ஃபாயில எடுத்துக் காட்டினான், நாங்க சீல் வெச்சு கிழிச்சுக் குடுத்த ரசீதுத் துண்டு. ஃபார்ம்ல ரெண்டு கட்டத்துலயும் ஓனர்கிட்ட திருத்தி கையெழுத்து வாங்கின நாங்க, கீழ இருந்த அந்தத் துண்டத் திருத்தவே இல்ல. "பேங்க்ல சீல் வெச்சுக் குடுத்ததுங்கண்ணா, அதான் இதப் பாத்தே எழுதினேனுங்க"ன்னான்.